இரண்டு பம்ப் கழிவுநீர் உந்து நிலையம்: பராமரிப்பும் பழுதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தென்னாப்பிரிக்க நகரமான டர்பனின் தெற்குப் பக்கம் முழுக்க மேடும் பள்ளமும். பள்ளத்தில் இருக்கும் வீடுகளின் கழிவுநீர் தானாக மேடேறாது என்பதால் அங்கங்கே சின்னச் சின்ன உந்து நிலையங்கள் உண்டு. அப்படிப்பட்ட நிலையம் ஒன்றுக்காக எழுதிய பராமரிப்புக் குறிப்பின் ஒரு பகுதி இது. புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் என்னிடம் கேட்ட கேள்விகளை அப்படியே வைத்திருக்கிறேன்.

நிலையத்தின் அளவுகள் இவை: 2.5 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணறு, உள்ளே நீரில் மூழ்கி ஓடும் இரண்டு பம்ப். ஒவ்வொன்றும் நொடிக்கு 20 லிட்டர் தள்ளும். இரண்டும் ஒரே உந்து குழாயில் சேர்கின்றன. பக்கத்து வால்வுக் குழியில் ஒவ்வொரு பம்புக்கும் முதலில் ஒருவழி வால்வு, அதைத் தாண்டி ஒரு கேட் வால்வு. உங்கள் நிலையத்தின் அளவு வேறாக இருந்தால் கணக்கில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நிலையத்துக்குப் போனதும் முதலில் எதைப் பார்க்கணும்?

மின்பலகையில் இருக்கும் மணிக்கணக்கு மீட்டரை. கிணற்று மூடியைத் தொடுவதற்கு முன்பே பாதி விஷயம் அதில் தெரிந்துவிடும்.

இரண்டு பம்பும் முறை மாற்றி ஓடுகின்றன. ஒரு தடவை முதலாவது, அடுத்த தடவை இரண்டாவது. ஆகவே இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு நேரம் ஓடியிருக்க வேண்டும். எங்கள் நிலையத்தில் மழையில்லாத நாளில் ஒவ்வொன்றும் மூன்றரை மணி நேரம் ஓடும். மீட்டரில் தெரியும் மொத்த மணியை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். நேற்றைய எண்ணைக் கழித்து இன்று எவ்வளவு ஓடியது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். 11,482 என்ற எண் யாருக்கும் எதுவும் சொல்லாது. "முதல் பம்ப் 8 மணி, இரண்டாம் பம்ப் 3 மணி" என்று எழுதிப் பார்த்தால் உடனே கண்ணில் குத்தும்.

கூடவே ஒரு நாளில் எத்தனை தடவை ஸ்டார்ட் ஆனது என்பதையும், ஓடும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதையும் குறியுங்கள். எங்கள் பம்புக்கு 14 ஆம்பியர் வழக்கம்.

எந்த வேலையை எத்தனை நாளுக்கு ஒரு தடவை செய்யணும்?

மேலே சொன்ன மீட்டர் கணக்கு தினமும்.

வாரம் ஒரு தடவை, நீர் விழும் இடத்தில் இருக்கும் கம்பிக்கூடையைத் தூக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். ஃப்ளோட் சுவிட்சுகளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, அபாய அலாரம் அடிக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் வால்வுக் குழிக்கு மேலே நின்று, பம்ப் ஸ்டார்ட் ஆகும்போது ஒருவழி வால்வின் உள்கதவோடு சேர்ந்தாடும் வெளிக்கை எழும்புகிறதா, நிற்கும்போது முழுதாக விழுகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு நிமிட வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதன் விலை என்ன என்பது கீழே வரும்.

டீசல் ஜெனரேட்டரையும் வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஓட்டுங்கள். பம்பை அதில் மாட்டி, சுமையோடு ஓட்ட வேண்டும். சுமையில்லாமல் ஓட்டி ஓட்டி வைத்தால் டீசல் முழுதாக எரியாமல் உள்ளே கரி பிடிக்கும். தேவைப்படும் நாளில் புகையைத்தான் கக்கும்.

மாதம் ஒரு தடவை இறக்கச் சோதனை. அதை விரிவாகச் சொல்கிறேன். அன்றைக்கே கேட் வால்வுகளை முழுக்க மூடித் திறந்து வையுங்கள். ஒரு வருடம் தொடாத கேட் வால்வு அவசரத்துக்கு மூடாது. கிணற்றுச் சுவரில் படியும் கொழுப்பையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். தீபாவளி முடிந்த வாரம் இதை இன்னொரு தடவை செய்யுங்கள். முறுக்கும் பஜ்ஜியும் பொரித்த எண்ணெய் எல்லாம் சமையலறைத் தொட்டி வழியாக இங்கேதான் வந்து உறைகிறது. உறைந்த கொழுப்புப் பாளம் ஃப்ளோட்டைப் பிடித்துக்கொண்டால், நீர் ஏறியும் பம்ப் ஓடாது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பம்பைச் சங்கிலியால் மேலே தூக்கி எண்ணெய் அறையைத் திறந்து பாருங்கள். எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் கீழ் சீல் போய்விட்டது, நீர் உள்ளே வருகிறது என்று பொருள். மோட்டார் சுருளின் காப்பை மெக்கரால் அளந்து எழுதுங்கள். ஒரு மெகாஓம் என்ற அளவுக்கு இறங்கி வந்துவிட்டால் அந்த மோட்டாரை ஓட்டாதீர்கள். அதைவிட முக்கியம், போன தடவை எண்ணோடு ஒப்பிடுவது. 200 இருந்தது 20 ஆகியிருந்தால், இன்னும் ஓடுகிறது என்றாலும் அது பட்டறைக்குப் போக வேண்டிய பம்ப்தான்.

வருடம் ஒரு தடவை உறிஞ்சு லாரி வரவழைத்துக் கிணற்றின் அடியில் தங்கிய மணலை எடுக்க வேண்டும். மழைக்காலம் நவம்பரில் சூடு பிடிப்பதற்கு முன்னால் எடுத்துவிடுவது நல்லது.

மூடியைத் திறந்து ஒரு நிமிஷம் உள்ளே இறங்கினா என்ன ஆகும்?

செத்துப்போவீர்கள். கழிவுநீரில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அழுகிய முட்டை வாடை உள்ளது. ஆனால் அளவு 100 பிபிஎம்-ஐ எட்டும்போது மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. "இப்போ நாத்தம் இல்லையே" என்று இறங்கியவர்கள் மேலே வரவில்லை. அவர்களைத் தூக்கப் போனவர்களும் வரவில்லை. உலகம் முழுக்க இந்தக் கதை இதே வரிசையில்தான் நடக்கிறது.

இந்தக் குறிப்பில் சொல்லும் எந்த வேலைக்கும் கிணற்றுக்குள் இறங்கத் தேவையில்லை. பம்ப் சங்கிலியில் மேலே வரும், கூடை கயிற்றில் மேலே வரும். வால்வுக் குழியும் மூடிய இடம்தான். அதில் இறங்க வேண்டியிருந்தால் நால்வகை வாயு மீட்டரை முதலில் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும், ஹைட்ரஜன் சல்பைடு அலாரம் 10 பிபிஎம்-இல் அடித்தாலும் இறங்கக் கூடாது. மேலே ஒருவர் நிற்க வேண்டும், அனுமதிச் சீட்டு கையில் இருக்க வேண்டும். மூடிய இடத்தில் வேலை செய்வதற்கான விதிகள் தென்னாப்பிரிக்காவில் 1993ஆம் ஆண்டின் தொழில் உடல்நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. உங்கள் மேலாளர் அவசரப்படுத்தினாலும் "முடியாது" என்று சொல்லுங்கள்.

பம்ப் ஓடுது, ஆனா நீர் இறங்க மாட்டேங்குது. எங்கே தேடறது?

ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள், பாதி வழி அதுவே காட்டும்.

வழக்கமான 14-க்குப் பதில் 17, 18 என்று ஏறியிருந்தால் நீரைத் தள்ளும் சுழல்சக்கரமான இம்பெல்லரில் துணி சுற்றியிருக்கிறது. ஈரத் துடைப்பான், நாப்கின், தரை துடைக்கிற துணி எல்லாம் சேர்ந்து கயிறாக முறுக்கிக்கொண்டு சுழல விடாமல் பிடிக்கும். பம்பை நிறுத்தி, மெயின் சுவிட்சைப் பூட்டி, பூட்டின் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அப்புறம் தூக்குங்கள்.

8, 9 என்று இறங்கியிருந்தால் பம்ப் நீரைத் தள்ளவில்லை. உள்ளே காற்று அடைத்திருக்கலாம், உறிஞ்சும் வாய் அடைபட்டிருக்கலாம், அல்லது யாரோ கேட் வால்வை மூடியே விட்டிருக்கலாம். மூன்றாவதை முதலில் பாருங்கள், அதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

ஆம்பியர் சரியாக இருக்கிறது, அல்லது கொஞ்சம் கூட இருக்கிறது, சத்தமும் சுகமாக இருக்கிறது, ஆனாலும் நீர் மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால், பம்ப் தள்ளுகிறது. தள்ளிய நீர் வேறெங்கோ போகிறது. அங்கேதான் இறக்கச் சோதனை கைகொடுக்கும்.

இறக்கச் சோதனைன்னா என்ன? அதை எப்படிச் செய்யறது?

பம்ப் நொடிக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பதை, எந்த விலையுயர்ந்த மீட்டரும் இல்லாமல் கைக்கடிகாரத்தால் அளக்கும் வழி இது.

2.5 மீட்டர் விட்டக் கிணற்றின் பரப்பு 4.91 சதுர மீட்டர். ஆகவே நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் ஏறினாலோ இறங்கினாலோ 491 லிட்டர். பம்பின் வழிகாட்டிக் கம்பியில் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு வெள்ளைக் கோடு போட்டுவையுங்கள்.

முதலில் இரண்டு பம்பையும் நிறுத்திவிட்டு, நீர் கீழ்க்கோட்டிலிருந்து மேல்கோட்டுக்கு ஏற எத்தனை நொடி என்று பாருங்கள். 82 நொடி என்றால் 491-ஐ 82-ஆல் வகுக்க, வரத்து நொடிக்கு 6 லிட்டர். பிறகு ஒரு பம்பை மட்டும் ஓடவிட்டு அதே தூரம் இறங்கும் நேரத்தை எடுங்கள். 35 நொடி என்றால் இறக்கம் நொடிக்கு 14 லிட்டர். பம்ப் ஓடும்போதும் 6 லிட்டர் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே பம்ப் தள்ளுவது 14-உம் 6-உம் சேர்ந்து 20 லிட்டர். நல்ல பம்ப்.

காலை குளியல் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். வரத்து நிமிடத்துக்கு நிமிடம் மாறும், கணக்கு பொய்யாகும். பத்து, பதினோரு மணி வாக்கில் செய்தால் நிலையாக இருக்கும்.

இரண்டாம் பம்ப் ஸ்டார்ட் ஆகும்போது டிரிப் ஆகுது. ரீசெட் பண்ணினா சில நேரம் ஓடுது. கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிடலாமா?

அனுப்பாதீர்கள், இன்னும் இல்லை. நாங்கள் அப்படி அனுப்பி மூன்று வாரத்தை வீணாக்கினோம்.

எங்கள் நிலையத்தில் இரண்டாம் பம்பின் ஓவர்லோடு ரிலே வாரத்தில் நாலைந்து தடவை விழுந்தது. பம்ப் பட்டறைக்குப் போனது, சுருள் நன்றாக இருக்கிறது, பேரிங் நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. மாட்டினோம், மறுபடியும் டிரிப். இதற்கிடையில் முதல் பம்பின் ஓட்டம் மூன்றரை மணியிலிருந்து எட்டு மணிக்கு ஏறியிருந்தது. இரண்டாவது அடிக்கடி நிற்பதால் முதலாவது கூடுதல் வேலை செய்கிறது என்று நினைத்து அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. நானும்தான்.

இறக்கச் சோதனையும் செய்தோம். பம்புகள் நின்றபோது 10 செ.மீ. ஏற 35 நொடி, அதாவது வரத்து 14 லிட்டர். முதல் பம்ப் ஓடும்போது 10 செ.மீ. இறங்க 88 நொடி, அதாவது 5.6 லிட்டர். கூட்டினால் 19.6. பம்ப் சரி, வரத்துதான் கூடிவிட்டது, எங்கோ குழாய்க்குள் நிலத்தடி நீர் நுழைகிறது என்று எழுதினோம்.

தப்பு அங்கேதான். மழையே இல்லாத ஜூலை மாதம். காலை பத்தரை மணிக்கு அந்தத் தெருக்களிலிருந்து 14 லிட்டர் வர வாய்ப்பே இல்லை. என்னோடு இருந்த வயதான ஃபிட்டர் ஒருவர் வால்வுக் குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இரண்டாம் பம்பின் குழாயில் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்தார். பம்ப் நின்றிருக்கிறது, குழாயில் நீர் ஓடும் சத்தம் கேட்கிறது. "தம்பி, இது கீழே போற தண்ணி" என்றார்.

இரண்டாம் பம்பின் கேட் வால்வை மூடினோம். மறுபடி நேரம் எடுத்தோம். ஏற 82 நொடி, இறங்க 35 நொடி. வரத்து 6, பம்ப் 20. எல்லாம் பழைய எண்கள்.

இரண்டாம் பம்பின் ஒருவழி வால்வு முழுதாக மூடாமல் திறந்தே நின்றிருந்தது. பம்புகள் நின்றதும் உந்து குழாயில் மேலேறிய நீர் அதன் வழியாகக் கிணற்றுக்கே இறங்கியது. நாங்கள் அதை வரத்து என்று எண்ணினோம். முதல் பம்ப் ஓடும்போது அது தள்ளியதில் ஒரு பங்கும் அதே வழியாகக் கிணற்றுக்குத் திரும்பியது. இரண்டு அளவிலும் அதே கசிவு இருந்ததால், கூட்டும்போது ஒன்றை ஒன்று மறைத்துவிட்டது.

அப்படியானால் டிரிப் ஏன்? கீழே இறங்கும் நீர் இரண்டாம் பம்பின் இம்பெல்லரைப் பின்பக்கமாகச் சுழற்றுகிறது. அது அப்படிச் சுழன்றுகொண்டிருக்கும்போது ஸ்டார்ட் கொடுத்தால், மோட்டார் முதலில் அந்தச் சுழற்சியை நிறுத்தி, பிறகு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். பெரிய கரண்ட் அதிக நேரம் பாய்கிறது, ரிலே விழுகிறது. ரீசெட் செய்து செய்து ஓட்டினால் ஒருநாள் ஷாஃப்ட் முறியும், அல்லது இம்பெல்லர் போல்ட் கழன்றுவிடும். பட்டறையில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாததில் ஆச்சரியமில்லை, பழுது பம்பிலேயே இல்லை.

ஆகவே இறக்கச் சோதனையை இனி இப்படிச் செய்யுங்கள்: எந்தப் பம்பைச் சோதிக்கிறீர்களோ, அதன் ஜோடியின் கேட் வால்வைத் திறந்து ஒரு தடவை, மூடி ஒரு தடவை. ஏறும் நேரம் இரண்டு தடவையும் ஒன்றாக இருந்தால் ஜோடியின் ஒருவழி வால்வு நல்லது. மூடியதும் ஏறும் நேரம் நீண்டால் அது கசிகிறது. முடிந்ததும் கேட் வால்வைத் திறக்க மறக்காதீர்கள்.

சிக்கின ஒருவழி வால்வை எப்படிச் சரி செய்யறது?

நிலையத்தை நிறுத்தத் தேவையில்லை, மற்ற பம்ப் ஓடட்டும். பழுதான பக்கத்துப் பம்பை மின்பலகையில் பூட்டி, அந்தப் பக்கத்துக் கேட் வால்வை மூடுங்கள். வாயு மீட்டர் பார்த்த பிறகே குழியில் இறங்க வேண்டும்.

வால்வின் மேல்மூடி போல்ட்டுகளை முழுக்கக் கழற்றிவிடாதீர்கள். எல்லாவற்றையும் இரண்டு சுற்று தளர்த்தி, மூடியை நெம்பி விட்டுக் காத்திருங்கள். உள்ளே அழுத்தம் இருந்தால் ஓரத்தில் கசிந்து அடங்கும். கசிவு நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கேட் வால்வு முழுதாக மூடவில்லை. திரும்ப இறுக்கிவிட்டு மேலே வந்துவிடுங்கள்.

எங்கள் வால்வில் கதவின் கீலுக்கும் உடலுக்கும் இடையில் ஒரு முழ நீளத்துக்குத் துணி சுருண்டு கிடந்தது, அதன்மேல் கொழுப்பு வெண்மையாக உறைந்து சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. அதை எடுத்ததும் கதவு விரல் பட்டாலே ஆடியது. கதவின் ரப்பர் விளிம்பைத் துடைத்து, வெட்டு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து மூடினோம். வெளிக்கை ஷாஃப்ட்டில் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அது நழுவிப்போனால் கை விழும், கதவு விழாது. வாரச் சோதனை உங்களை ஏமாற்றும்.

கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கும்?

பம்ப் ஸ்டார்ட் ஆகும் மட்டத்திலிருந்து நீர் வெளியே வழியும் மட்டம் வரை எங்கள் கிணற்றில் 1.6 மீட்டர். அது சுமார் 7,860 லிட்டர். நொடிக்கு 6 லிட்டர் வந்தால் 22 நிமிடம். காலையில் வரத்து இரட்டிப்பானால் 11 நிமிடம். மேலே உள்ள குழாய்களில் கொஞ்சம் தேங்கும், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள், அந்த நீர் யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் எட்டிப் பார்க்கும்.

சுழற்சி மின்வெட்டு இரண்டு மணி நேரம் என்றால் 43,000 லிட்டர் வரும். அதனால்தான் ஜெனரேட்டரைப் பற்றி அவ்வளவு வற்புறுத்தினேன். கேபிள் திருட்டு நடந்தால் இரண்டு மணியோடு முடியாது, உடனே உறிஞ்சு லாரிக்குச் சொல்லிவிடுங்கள்.

கேபிள் மாத்தின பிறகு பம்ப் ஓடுது, ஆனா வலுவே இல்லை.

இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருக்கும். பம்ப் எதிர்ப்பக்கம் சுழல்கிறது. அப்போதும் கொஞ்சம் நீர் தள்ளும் என்பதால்தான் ஆள் ஏமாறுகிறார். பம்பைச் சங்கிலியில் தரைக்கு மேலே தொங்கவிட்டு, யாரும் அருகில் நிற்காமல், ஒரு நொடி மட்டும் ஸ்டார்ட் கொடுங்கள். மேலிருந்து பார்க்க இம்பெல்லர் வலஞ்சுழியாக ஓட வேண்டிய பம்ப், ஸ்டார்ட் ஆகும்போது இடஞ்சுழியாக ஒரு உதறு உதறும். வலப்பக்கம் உதறினால் மின்காரரைக் கூப்பிட்டு இரண்டு ஃபேஸை மாற்றச் சொல்லுங்கள்.

ஒரே கேபிளில்தான் இரண்டு பம்பும். ஒன்று தலைகீழ் என்றால் மற்றதும் அப்படித்தான்.

பெருமழையில ரெண்டு பம்பும் ஓடியும் அலாரம் நிக்கலை. பழுதா?

பெரும்பாலும் இல்லை. இங்கே மழைநீருக்குத் தனிக் குழாய், கழிவுநீருக்குத் தனிக் குழாய். ஆனால் கூரைத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழியில் திருப்பிவிட்ட வீடுகள் நிறைய. மழை பிடித்த அரை மணியில் வரத்து பல மடங்கு ஆகிவிடும்.

இரண்டு பம்பும் சேர்ந்தால் 40 லிட்டர் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரே உந்து குழாயில் நீர் வேகமாகப் போகும்போது உராய்வு கூடுகிறது. எங்கள் குழாயில் இரண்டும் சேர்ந்து 27 லிட்டர்தான். நீளமான குழாய் என்றால் இன்னும் குறையும்.

பழுதா, மழையா என்பதை மறுநாளைய மீட்டர் சொல்லும். மழை நின்ற இரண்டாம் நாள் மூன்றரை மணிக்குத் திரும்பிவிட்டால் அது மழைதான். திரும்பவில்லை என்றால் மணல் இம்பெல்லரைத் தின்றிருக்கும், அல்லது ஏதோ ஒரு குழாய் உடைந்து ஓடைத் தண்ணீரே உள்ளே வருகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனில் நிறைய உந்து நிலையங்கள் சேதமடைந்து, கழிவுநீர் கலந்ததால் கடற்கரைகளை மாதக்கணக்கில் மூட வேண்டி வந்தது. அப்படி வெளியே வழிய ஆரம்பித்தால், வழிந்த நேரத்தை நிமிடத்தோடு எழுதுங்கள், கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லுங்கள், ஓடைக்குப் போகும் பாதையை மணல் மூட்டையால் மறியுங்கள். கீழே ஓடையில் விளையாடும் பிள்ளைகளை வெளியே வரச் சொல்லிவிட்டு அப்புறம் பம்பிடம் வாருங்கள்.